கடைசியில் கூப்பிடாதீர்கள்

நடுவர் வைத்த கேள்வி: "ஆசிரியர் தின விழாவில் ஆசிரியரல்லாத பணியாளர்களையும் அதே மேடையில் பாராட்டுவது சரியா, இல்லை அவர்களுக்கென்று தனி நாள் வைப்பதுதான் மரியாதையா?"

நடுவர் அவர்களே, அதே மேடைதான் சரி என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பல வருடம் தலைமையாசிரியராக இருந்தவர், பள்ளி நிர்வாகத்தில் அவருக்குத் தெரியாதது குறைவு. அவர் எழுந்ததுமே சொன்னார்: நன்றியுரைக்கு முன்னால் "மற்ற பணியாளர்கள் அனைவரும் மேடைக்கு வரவும்" என்று கூப்பிடுவீர்கள், ஒரே கைதட்டலில் இறக்கி விடுவீர்கள், அதற்குத் தனி நாள் எவ்வளவோ மேல். ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் பள்ளியில் நடந்தது. விழாக்குழுவில் நானும் இருந்தேன். அப்படிக் கூப்பிட்டோம், ஆறு பேர்தான் மேடைக்கு வந்தார்கள். மீதிப் பேர் எங்கே என்று அப்புறம் விசாரித்தால், அலுவலக உதவியாளர் மேடைக்குப் பின்னால் மைக் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓட்டுநர்கள் மூன்று பேரும் பிள்ளைகளை ஏற்ற வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்கள், வாசல் காவலாளி வாசலை விட்டு வர முடியாது, தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர் விருந்தினர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதாவது அந்த விழாவை நடத்திக்கொண்டிருந்ததே அவர்கள்தான். நாங்கள் கூப்பிட்ட நேரத்தில் அவர்களால் வர முடியாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதைவிட வருத்தம், சான்றிதழில் நடந்தது. பெயர்ப் பட்டியலைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தோம். ஒப்பந்ததாரர் மூலம் வரும் தூய்மைப் பணியாளர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் பெயர் கிடைக்காமல், பெயர் போட வேண்டிய கோட்டில் "தூய்மைப் பணியாளர்" என்று அச்சடித்துக் கொடுத்தோம். வாங்கிய அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் எங்கே தன் பெயர் என்று பக்கத்தில் இருந்த ஒரு மாணவியிடம் கேட்டார். அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் எங்களைப் பார்த்தது.

சரி, இதற்குத் தனி நாள் வைத்தால் தீர்ந்துவிடுமா? தனி நாளுக்கும் அதே பதிவேட்டைத்தான் எடுத்திருப்போம். தனி நாளிலும் நாற்காலி போட்டிருப்பது அவர்கள்தான். குறை நாள் எது என்பதில் இல்லை, செய்த விதத்தில் இருந்தது. அதனால் அடுத்த வருடம் விதத்தை மாற்றினோம், மேடையை மாற்றவில்லை.

முதலில் பட்டியல். விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் சம்பளப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் முழுக்க இந்தப் பள்ளி வாசல் வழியாக வேலைக்கு வருகிறவர்கள் யார் யார் என்று காவலாளியிடம் உட்கார்ந்து எழுதினோம். பதிவேட்டில் 11 பேர், வாசல் கணக்கில் 17 பேர். ஒப்பந்தப் பணியாளர்கள், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் தோட்டக்காரர், இவர்களெல்லாம் அப்போதுதான் தெரிந்தார்கள். ஒவ்வொருவரிடமும் முழுப் பெயரைக் கேட்டு, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டு, படிக்கப் போகிற மாணவரை அவர் முன்னாலேயே ஒரு தரம் சொல்ல வைத்தோம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா, அவர்களுக்கு மேடை கூச்சம், கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார். பாதி உண்மை. நாங்கள் கேட்டபோது 17 பேரில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே பிள்ளைகள் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். ஆனால் மீதிப் பேருக்குக் கூச்சம் என்று நாமாக எப்படி முடிவு செய்வது? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அவர்களில் ஒருவரான எழுத்தரைத் தனித்தனியாகக் கேட்கச் சொன்னோம். வேண்டாம் என்ற இரண்டு பேரும் அவரிடம்தான் அப்படிச் சொன்னார்கள், எங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, என்ன சொல்லிப் பாராட்டுவது. நான் அதிகம் பேச வந்தது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கியம் என்று வைத்தோம், ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குப் படித்தாலும் பொருந்தினால் அதை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். முதலில் பிள்ளைகள் கொண்டுவந்ததில் முக்கால்வாசி "கடினமாக உழைப்பவர்", "எப்போதும் சிரித்த முகம்" என்று இருந்தது. அதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று அனுப்பினோம்.

ஆய்வக உதவியாளரிடம் போன மாணவி எழுதிக்கொண்டு வந்ததைச் சொல்கிறேன். செய்முறை வகுப்பு பத்து மணிக்கு என்றால் அவர் எட்டரைக்கே வந்து பியூரெட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பி ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவார். திரும்பி வந்து அடியில் சொட்டு நிற்கிறதா என்று பார்ப்பார், சொட்டு நின்றால் திருகு கசிகிறது, அதை ஒதுக்கி வைத்துவிடுவார். அந்தக் கசிவு தெரியாமல் பிள்ளை அளவெடுத்தால் மூன்று தரமும் மூன்று விடை வரும், தப்பு தன்னுடையது என்று அது நினைத்துக்கொள்ளும். அப்புறம் அமிலத்தை நீர்க்கச் செய்வார். எப்போதும் தண்ணீரில்தான் அமிலம், கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே. மாற்றிச் செய்தால் சூடேறி முகத்தில் தெறிக்கும். மாணவி எழுதிய வாக்கியம் இதுதான்: "என் விடை தப்பாகும்போது அது என் தப்புதான், பியூரெட்டின் தப்பு இல்லை என்று நான் நம்ப முடிவது இவரால்." இதை வேதியியல் ஆசிரியரே மேடையில் பக்கத்தில் நின்று படித்தார், நடுவர் அவர்களே. தனி நாள் வைத்திருந்தால் அந்த ஆசிரியர் அங்கே பார்வையாளராக இருந்திருப்பார். ஆசிரியர் தினத்தில், தன் நாளில், தன் மேடையில், தன் வகுப்பு யார் கையில் தொடங்குகிறது என்று அவரே சொன்னார். எங்கள் அணி அதே மேடை என்று கேட்பது இதற்காகத்தான்.

ஒரு வாக்கியத்தில் தடுமாறவும் செய்தோம். தூய்மைப் பணியாளர் ஒருவர், ஒரு வகுப்பின் குப்பைத் தொட்டியில் தொடாத மதியச் சாப்பாடு நான்கு நாளாகக் கிடப்பதைப் பார்த்து வகுப்பாசிரியரிடம் சொன்னார். அதை வைத்துத்தான் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருப்பது தெரிந்தது. இதைவிடப் பெரிய பாராட்டு வேறு இருக்க முடியாது. ஆனால் மேடையில் படித்தால் அந்தப் பிள்ளை யார் என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும். அதனால் மேடைக்கு வேறு வாக்கியம் எழுதினோம், இதை வகுப்பாசிரியர் தன் கையால் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார். எல்லாப் பாராட்டையும் மைக்கில் சொல்ல முடியாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

நேரக் கணக்கு சுலபம். பெயர், வாக்கியம், நடந்து வந்து இறங்குவது, எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், ஆக மொத்தம் 20 நிமிடம். சிறப்பு விருந்தினரிடம் கேட்டு அவர் பேச்சைக் குறைத்து அந்த நேரத்தை எடுத்தோம். விழாவின் நடுவில் வைத்தோம், ஓட்டுநர்கள் வண்டி எடுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். அன்று வாசலில் உடற்கல்வி ஆசிரியர் நின்றார், அங்கே மாணவர்களை நிறுத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். மைக் செட்டை இன்னொரு ஆசிரியர் பார்த்துக்கொண்டார். நாற்காலி போட்டது, எடுத்தது, கூடத்தைப் பெருக்கியது எல்லாம் ஆசிரியர்களும் பெரிய வகுப்பு மாணவர்களும்.

ஆசிரியருக்குக் கிடைப்பதே ஒரு நாள், அதிலும் பங்கா என்று எதிரணியில் ஒரு குரல் கேட்டது. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5 என்று 1994 முதல் கொண்டாடப்படுகிறது. அந்தத் தேதி ஏன் என்றால், 1966-இல் அதே நாளில் யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை. அந்தப் பரிந்துரைக்குள்ளேயே, கற்பித்தல் அல்லாத வேலைகளைச் செய்யப் பள்ளிகளுக்கு உதவிப் பணியாளர்களைத் தர வேண்டும் என்று இருக்கிறது. ஆசிரியர் ஒழுங்காகக் கற்பிக்க என்னென்ன வேண்டும் என்ற கணக்கில் இவர்களும் அடக்கம். இதில் எங்கே பங்கு போனது?

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். ஒரு பள்ளியில் எழுத்தர், விடுப்புச் சம்பளக் கோப்பு மூன்று வருடமாக நகரவில்லை, மேடையும் வேண்டாம் நாளும் வேண்டாம், கோப்பை நகர்த்துங்கள் என்றார். அது இன்றைய கேள்வி இல்லை. ஆனாலும் அவர் கோபம் நியாயமானது, வர வேண்டிய பணத்துக்குப் பதிலாகக் கைதட்டலைக் கொடுத்தால் அந்தக் கைதட்டலே அவமானம். எங்கள் பள்ளியிலும் ஒரு சிக்கல் வந்தது. மேடையில் இருந்த நேரத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கூலி பிடிப்பார்களோ என்று பயந்து ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கினோம். அந்த ஒரு நாளுக்கு எழுதி வாங்கிவிட்டோம். மற்ற நாட்களில் அவர்களுடைய விடுப்புக்கு என்ன வழி என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொருவர் விஷயத்திலும் எங்களுக்கு வழி தெரியவில்லை. இரவுக் காவலாளிக்கு வேலை ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. விழா பத்தரைக்கு. வரச் சொன்னால் தூக்கம் போகும், அன்றைக்கு ராத்திரியும் அவர் விழித்திருக்க வேண்டும். ஒரு நாள் மாற்று விடுப்பு தருகிறோம் என்றோம், வாசலுக்கு வேறு ஆள் பழக்கமில்லை என்று அவரே மறுத்துவிட்டார். காலை ஆறு மணிக்கு வைக்கலாம் என்றால் அப்போது பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கடைசியில் அவர் சொன்னார், "எழுதினத என்கிட்ட குடுத்துடுங்க சார், ராத்திரி உக்காந்து படிச்சிக்கிறேன்." கொடுத்தோம். இந்த வருடமும் அவரை எப்படி மேடைக்குக் கொண்டுவருவது என்று குழுவில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எதிரணியில் யாருக்காவது வழி தெரிந்தால் இறங்கிய பிறகு எனக்குச் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, வணக்கம்.