பட்டறை மூடியவர் எழுதிய வேலை விண்ணப்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓசூரில் ஏறக்குறைய ஆறு வருடம் ஒரு சின்ன லேத் பட்டறை நடத்திவிட்டு, 2023 செப்டம்பரில் ஷட்டரை இறக்கியவன் நான். இப்போது ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் சம்பளத்துக்கு இருக்கிறேன். பட்டறை மூடிய கதையைப் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். அந்தக் கதையை வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் எப்படிச் சொன்னேன் என்று பேசுகிறேனே என்றேன். சரி என்றார்கள்.

முதலில் எழுதியது மூன்று பக்கம். பில் பணத்தை இழுத்தடித்த கம்பெனி, கொரோனா, கரண்ட் பில் என்று எல்லாம் அதில் இருந்தன. பதினொரு இடத்துக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. தம்பி மகள் பெங்களூரில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். படித்துவிட்டு, "பெரியப்பா, உங்களை யார் யார் கஷ்டப்படுத்தினாங்கன்னு இதுல நல்லா தெரியுது. நீங்க என்ன பண்ணினீங்கன்னுதான் தெரியலை" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அப்புறம் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் தமிழில் எழுதினேன், அவள் அதை ஆங்கிலத்தில் மாற்றினாள். அதன் நடுப்பகுதியைப் படிக்கிறேன்.

"ஐயா, 2018 ஜனவரி முதல் 2023 செப்டம்பர் வரை ஓசூரில் லேத் பட்டறை நடத்தினேன். ஒரு சி.என்.சி. எந்திரம், இரண்டு சாதாரண லேத், ஏழு தொழிலாளர்கள். வாகனங்களுக்கான புஷ், பின் போன்ற பாகங்களைக் கடைந்து கொடுத்தோம். 2023 மார்ச்சில் மாத ஆர்டர் 5 லட்சத்திலிருந்து 8 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதை நடத்தக் கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போடாமல் ஒப்புக்கொண்டேன். இரவு ஷிஃப்டில் அளவு பார்க்க ஆள் போடவில்லை. இந்த இரண்டு முடிவுகளால் பட்டறை மூடப்பட்டது. இரண்டும் என்னுடையவை."

ஆர்டர் கூடினால் எப்படி மூட வேண்டிவரும் என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கைச் சொல்கிறேன். 8 லட்சத்துக்கு வேலை செய்ய, இரும்பு மட்டும் வரியோடு மாதம் 4 லட்சத்து 72 ஆயிரம். கடைக்காரர் ரொக்கம் கேட்பார். கூலி, ஓவர்டைம், வாடகை, கரண்ட், வங்கித் தவணை எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 75 ஆயிரம். நான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி., இரும்புக்குக் கொடுத்த வரியைக் கழித்த பிறகும் 72 ஆயிரம். பில் பணம் கைக்கு வந்ததா என்று வரி பார்க்காது, அடுத்த மாதம் 20ஆம் தேதி கட்டியாக வேண்டும். ஆக மாதம் 8 லட்சத்து 19 ஆயிரம் வெளியே போகிறது.

உள்ளே வருவது பழைய 5 லட்சம் பில்லின் பணம், வரியோடு 5 லட்சத்து 90 ஆயிரம். ஏனென்றால் 45 நாளில் தருவதாகப் பேச்சு, கைக்கு வர ஏறக்குறைய நாலு மாதம் ஆனது. மாதம் 2 லட்சத்து 29 ஆயிரம் பள்ளம். நாலு மாதத்தில் 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதை மூன்று வட்டிக்கு வாங்கினேன், வட்டியே மாதம் 27 ஆயிரம். நோட்டில் எழுதிப் பார்த்தால் லாபம் ஒன்றேகால் லட்சம்! அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டேதான் கடன் வாங்கினேன்.

நாலு மாதம் தாக்குப்பிடித்தால் 8 லட்சம் பில்லின் பணம் வரத் தொடங்கும், மூச்சு விடலாம் என்று இருந்தேன். ஜூனில் 2,000 புஷ் திரும்பி வந்தது. புஷ்ஷின் உள்துளையைக் கடையும் இன்சர்ட் என்ற வெட்டுமுனை தேயத் தேயத் துளை சிறிதாகும். அதற்கு ஈடாக எந்திரத்தில் ஆஃப்செட் என்று ஒரு திருத்த அளவைக் கொடுத்துக்கொண்டே போவோம். புது இன்சர்ட் மாட்டினால் அந்த ஆஃப்செட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முதல் பீஸைக் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். அன்று இரவு இருந்த பையன் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இன்சர்ட்டை மாற்றினான், ஆஃப்செட்டை அப்படியே விட்டுவிட்டான். துளை பெரிதாகிவிட்டது. சிறிதாக இருந்தால் மறுபடி கடைந்து எடுக்கலாம், பெரிதானால் பழைய இரும்புக்குத்தான். அந்தப் பையன்மேல் குற்றமில்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் போட மாதம் 14 ஆயிரம் ஆகும் என்று நான் மிச்சம் பிடித்திருந்தேன்.

கடிதத்தில் இவ்வளவும் எழுதவில்லை. இரண்டு வரிதான். மீதியை நேரில் கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். அடுத்த பத்தி, இதனால் அவர்களுக்கு என்ன பயன் என்பது.

"உங்களுக்குச் சப்ளை செய்யும் சிறு பட்டறை தடுமாறுவதை முன்கூட்டியே என்னால் கண்டுகொள்ள முடியும். பாதி லாட்டை அனுப்பிவிட்டு உடனே பில் போடலாமா என்று கேட்பார்கள். இரும்புக்கு முன்பணம் கேட்பார்கள். இரவு ஷிஃப்டில் வாரம் ஒரு புது முகம் நிற்கும். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்."

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் அழைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டி நிற்கும் தொகையை, சரக்கு வாங்கிய கம்பெனி அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதனால் பெரிய கம்பெனிகளுக்கும் இது சொந்தத் தலைவலி ஆகிவிட்டது.

இன்னொரு சிக்கல், அனுபவச் சான்று. சொந்தத் தொழில் செய்தவனுக்கு அதை யார் கொடுப்பார்கள்? மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டால் எங்கே போவது? ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழையும் பதிவை ரத்து செய்த உத்தரவையும் வைத்தேன். தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் அரசாங்கத் தாளிலேயே இருக்கின்றன. சம்பளச் சீட்டுக்குப் பதில் மூன்று வருட வருமான வரிக் கணக்கு. பதிவை ரத்து செய்தவர்கள் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். பட்டறையை மூடிய வேகத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள், அப்புறம் நோட்டீஸ் வரும்.

கடைசிப் பத்தியில் அவர்கள் கேட்கக் கூச்சப்படுவதை நானே எழுதினேன். சி.என்.சி.யை விற்று வங்கிக் கடனையும் வட்டிக் கடனையும் அடைத்துவிட்டேன், தொழிலாளர்களுக்குக் கூலி பாக்கி இல்லை, உறவினர்களுக்கு 3 லட்சம் தர வேண்டும், அதைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுப்பேன். கடன்காரர் கேட்டில் வந்து நிற்பாரோ என்ற பயம் எந்த முதலாளிக்கும் இருக்கும்.

நேர்காணலில் இருந்த அதிகாரிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அதே 8 லட்சம் ஆர்டர் இன்றைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றார்.

"இரும்பை நீங்களே கொடுங்கள், கடையும் கூலிக்கு மட்டும் பில் போடுகிறேன் என்று கேட்பேன் சார். மாதம் 4 லட்சத்து 72 ஆயிரம் என் கையிலிருந்து போகாது. பில்லும் குறையும், லாபமும் கொஞ்சம் குறையும். ஆனால் வட்டிக்கு வாங்க வேண்டாம்."

"அப்போதே கேட்டிருந்தால் அந்தக் கம்பெனி கொடுத்திருக்குமா?"

"தெரியாது சார். நான் கேட்கவே இல்லை."

எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வணக்கம்.