தாடையோரத்துத் தையல்

வணக்கம் நேயர்களே. ஒருவர் முகத்தை எடுத்து இன்னொருவர் உடம்பில் பொருத்திய வீடியோக்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் வந்தவை பார்த்ததுமே போலி என்று தெரிந்துவிடும், இப்போது வருபவற்றில் அது அவ்வளவு சுலபமில்லை. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் என் பழைய பிடிவாதம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றம் முழுவதையும் ஜி.ஏ.என். என்ற ஒரே பெயரில் எழுதுகிறார்கள். 2014-ல் இயன் குட்ஃபெலோவும் அவருடன் இருந்தவர்களும் கொண்டுவந்த முறை அது. படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற கணினி நிரலைத்தான் இங்கே நெட்வொர்க் என்கிறேன். ஒரு நெட்வொர்க் படம் வரையும், இன்னொன்று அது நிஜமா போலியா என்று சோதிக்கும், போட்டி போட்டே இரண்டும் தேறும். ஆனால் பிரபலமான பல மென்பொருள்களில் முகத்தை மாற்றுகிற வேலையை ஆட்டோஎன்கோடர் என்ற வேறொரு வகை நெட்வொர்க் செய்கிறது. அது முகத்தைச் சுருக்கிப் படித்து மறுபடியும் வரைகிறது. ஜி.ஏ.என். அங்கே கடைசியில் வந்து மெருகேற்றுகிறது, அவ்வளவுதான்.

சரி, மெருகு ஏன் தேவைப்படுகிறது? ஆட்டோஎன்கோடர் தான் வரைந்ததை அசல் படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுக் கற்றுக்கொள்கிறது. புருவத்தில் ஒரு முடி இங்கே இருக்குமா, கொஞ்சம் தள்ளி இருக்குமா என்று அதற்கு நிச்சயமில்லை. எங்கே வைத்தாலும் தப்பாகலாம் என்பதால் இரண்டுக்கும் சராசரியாக ஒரு மங்கல் பூசிவிட்டால் பிழை குறைவு. இப்படியே தோலின் துளைகள், இமை முடி, பல் இடுக்கு எல்லாம் மெழுகு மாதிரி ஆகிவிடும். ஜி.ஏ.என்.-இல் சோதிக்கிற நெட்வொர்க் கேட்பது வேறு கேள்வி. 'அசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது' என்று கேட்பதில்லை, 'நிஜத் தோல் இப்படி இருக்குமா' என்று கேட்கிறது. மங்கலாக இருந்தால் உடனே பிடித்துவிடும். அதுவும் முழு முகத்தைப் பார்த்து ஒரே தீர்ப்பு சொல்லாமல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்த்துச் சொல்கிற வகை உண்டு. ஒரு படத்தை இன்னொரு வகைப் படமாக மாற்றுகிற, 2017-ல் வந்த பிக்ஸ்டுபிக்ஸ் ஆய்வில் ஒரு துண்டு 70-க்கு 70 புள்ளி. துண்டு சிறிதாக இருப்பதால் தோலின் நுணுக்கத்தில்தான் அதன் கவனம் போகும்.

இந்த மெருகை ஆரம்பத்திலேயே போட்டுவிடக் கூடாது, முகம் நன்றாகப் படிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். டீப்ஃபேஸ்லேப் என்ற முகம் மாற்றும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தெரியும். முன்னதாகப் போட்டால் அரைகுறை முகத்தின் மேல் இல்லாத சுருக்கங்களைக் கற்பனை செய்து வரைந்துவிடும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம், ஓரம். ஒருவர் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார், இடக் கன்னத்தில் வெளிச்சம், வலது பக்கம் நிழல், நெற்றியில் ஒரு கற்றை முடி விழுந்திருக்கிறது. பொருத்த வேண்டிய முகமோ இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்தில் எடுத்தது. அப்படியே ஒட்டினால் தாடையோரம் கோடு தெரியும். கோட்டை மங்கலாக்கினால் தாடையே கரைந்துபோகும். 2003-ல் வந்த பாய்சான் கலப்பு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது: உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கங்களை வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் ஓரத்திலிருந்து உள்ளே பரவவிடும். தாடையில் அருமையாக வேலை செய்யும். நெற்றியில்தான் வம்பு. அங்கே ஓரத்தில் இருப்பது கறுப்பு முடி, அந்தக் கறுப்பும் சேர்ந்து உள்ளே கசிந்து நெற்றியில் அழுக்குப் படிந்தது போல ஆகும்.

2019-ல் வந்த எஃப்.எஸ்.ஜி.ஏ.என். என்ற முகம் மாற்றும் முறை பாய்சானை எதிரியாக நினைக்கவில்லை, அதையே வாத்தியாராக வைத்துக்கொண்டது. அதில் கலப்பதற்கென்றே தனி நெட்வொர்க். பாய்சான் தருகிற விடையை அது இலக்காக வைத்துப் பழகுகிறது, கூடவே சோதிக்கிற நெட்வொர்க்கையும் ஏமாற்ற வேண்டும். கறை படிந்த நெற்றி வாத்தியாரின் விடைக்கு ஒத்துப்போனாலும் சோதனையில் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில்தான் நல்ல ஓரம் கிடைக்கிறது. மூல முகத்தில் முடி மறைத்த பகுதியை இட்டு நிரப்ப இன்னொரு நெட்வொர்க்கும் உண்டு, அதை விரிவாகச் சொல்ல ஆசைதான்...

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். கடைசியாக, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக மெருகேற்றினால் பல் இடுக்கும் தோல் துளையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், வீடியோவை மெதுவாக ஓட்டினால் துடிப்பது தெரியும். தலை முழுதாகப் பக்கவாட்டில் திரும்பும்போதும், கை முகத்தைக் கடக்கும்போதும் ஓரத்தைப் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றாலும், ஒட்டிய முகத்திலும் சுற்றியுள்ள படத்திலும் இருக்கும் நுண்ணிய புள்ளி இரைச்சல் ஒரே மாதிரி இருக்காது. 2020-ல் வந்த ஃபேஸ் எக்ஸ்-ரே முறை அந்தக் கலப்பு எல்லையைத்தான் தேடியது. கலக்காமல் முழுப் படத்தையும் நெட்வொர்க்கே வரைந்துவிட்டால் அந்த முறைக்குப் பிடி கிடைக்காது. நன்றி, வணக்கம்.