கோட்டுல ஒரே தூரம், காதுல வேற தூரம்

[திரையில்: கீபோர்டு, மேலிருந்து]

முத்தியால்பேட்டையில நம்ம வகுப்புக்கு வர்ற தம்பி ஒருத்தன், சர்ச் கொயருக்கு ரெண்டாவது குரல் எழுதிட்டு வந்தான். மெட்டு ச ரி க ம. ஒரு கட்டை சுருதி, அதாவது சி-யில ஆரம்பம். அவன் கணக்கு இதுதான்: "சி-யிலேர்ந்து கறுப்பையும் சேர்த்து நாலு கீ மேல போனா ஈ. நல்லா சேருது சார். அதனால எல்லா ஸ்வரத்துக்கும் நாலு வச்சுட்டேன்."

[ஒலி: தம்பி எழுதின மாதிரி]

ரெண்டாவது ஸ்வரத்துலயே இடறுது, கேட்டீங்களா? டி-யிலேர்ந்து நாலு போனா எஃப் ஷார்ப். நம்ம கணக்குல பிரதி மத்யமம். மெட்டு சங்கராபரணம்; அது கொஞ்ச நேரத்துல சுத்த மத்யமத்தைப் பாடப்போகுது. ரெண்டாவது குரல் அதுக்கு முன்னாடியே கல்யாணியைக் கொண்டாந்து வச்சிருச்சு.

[திரையில்: ஐந்து கோடு, ட்ரெபிள் கிளெஃப்]

இப்ப அதே மெட்டை ஸ்டாஃப்ல பாருங்க. கோடுகளைக் கீழேருந்து எண்ணணும். ஐந்து கோட்டுக்கும் கீழ, தனியா ஒரு குட்டிக் கோடு. அதுமேல உட்கார்ந்திருக்கறது சி. முதல் கோட்டுக்கு அடியில தொங்கறது டி. முதல் கோட்டுமேல ஈ, அடுத்த இடைவெளியில எஃப், ரெண்டாவது கோட்டுல ஜி.

சி-யும் ஈ-யும்: கோடு, அதுக்கு அடுத்த கோடு. டி-யும் எஃப்-பும்: இடைவெளி, அடுத்த இடைவெளி. ரெண்டுமே 'தேர்டு'. கண்ணுக்கு ஒரே உயரம். ஆனா கீபோர்டுல ஈ-க்கும் எஃப்-புக்கும் நடுவுல கறுப்புக் கீ கிடையாது. பி-க்கும் மேல் சி-க்கும் நடுவுலயும் அப்படித்தான். அதனால சி–ஈ நாலு, அது மேஜர் தேர்டு. டி–எஃப் மூணு, அது மைனர் தேர்டு. ச-வுக்கு அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள வித்தியாசமே அது.

சரியான ரெண்டாவது குரல் க ம ப த. சி-க்கு ஈ, டி-க்கு எஃப், ஈ-க்கு ஜி, எஃப்-புக்கு ஏ. எண்ணிப் பார்த்தா நாலு, மூணு, மூணு, நாலு. எண்ணிக்கையை விட்டுட்டு ராகத்துக்குள்ளயே ஒரு ஸ்வரம் தாண்டினா போதும், தூரம் தானா அமையும்.

[ஒலி: திருத்தினது]

மேல இன்னொரு தேர்டு அடுக்கினா கார்டு. சி–ஈ–ஜி: கீழ நாலு, மேல மூணு, மேஜர். டி–எஃப்–ஏ: கீழ மூணு, மேல நாலு, மைனர். எழுதினா ரெண்டும் மூணு இட்லி அடுக்கின மாதிரி ஒண்ணுபோலவே இருக்கும்.

[திரையில்: அதே டி–எஃப், கிளெஃப் பக்கத்துல ஒரு ஷார்ப்]

இப்ப ஸ்டாஃப்போட இடது ஓரத்துல, மேல்கோட்டுல ஒரு ஷார்ப் குறி போட்டிருக்கேன். இது ஜி மேஜர். அந்தக் குறி எழுதியிருக்கற கோட்டுக்கு மட்டும் இல்ல, எந்த ஸ்தாயியில எஃப் வந்தாலும் அது ஷார்ப். அப்போ கீழ இருக்கற டி–எஃப், எழுத்துல ஒரு புள்ளி மாறாம, நாலு ஆயிடுச்சு. தம்பி எழுதிட்டு வந்த அதே எஃப் ஷார்ப், இங்க சரி.