கடைக்கு வந்த மகனுக்கு ஒரு தாள்

வணக்கம் நேயர்களே.

நான் யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன். ஆண்டுக் கணக்கு முடிக்கப் போகிற இடங்களில் பில்லுகளைவிட வீட்டுக் கதைதான் கூட வரும். மகன் கடைக்கு வந்து நிற்பான். அவன் என்ன வேலைக்கு வந்தவன், அவனுக்கு எவ்வளவு சம்பளம், எதை அவனே முடிவெடுக்கலாம் என்று கேட்டால் தகப்பன் ஒன்று சொல்வார், மகன் ஒன்று சொல்வான், கடையில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்று சொல்வார்கள். அப்படி மகன் வந்து நிற்கிற முதல் வருஷத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு கடையை வைத்தே சொல்கிறேன். கொக்குவில் பக்கம், காங்கேசன்துறை வீதியில் ஒரு ஹாட்வெயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் கண்டதைச் சேர்த்து ஒரு கடையாக்கியிருக்கிறேன், ஆகவே யாரும் தங்களுடையது என்று தேட வேண்டாம். சீமெந்து, கம்பி, பைப், பெயின்ற் எல்லாம் விற்கிற கடை. முதலாளிக்கு 60 வயது தாண்டிவிட்டது. ஸ்டோர் பார்க்கிற அண்ணை நெடுங்காலமாக அங்கேயே இருக்கிறவர். காசு வாங்க ஒரு பிள்ளை, இரண்டு பொடியன்கள், ஒரு லொறி ட்ரைவர். மூத்த மகள் கனடாவில். இளைய மகன் கொழும்பில் ஒரு கொம்பனியில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்திருக்கிறார்.

இப்படியான கடைகளில் முதல் நாள் வழக்கமாக என்ன நடக்கும்? தகப்பன் தன் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு, லாச்சித் திறப்பைக் கையில் கொடுத்து, "இனி எல்லாம் நீ பார்" என்பார். பெருந்தன்மையான பேச்சுத்தான். ஆனால் அந்த "எல்லாம்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று மகனுக்கும் தெரியாது, ஸ்டோர் அண்ணைக்கும் தெரியாது. அதே கிழமை ஒரு கொந்தராத்துக்காரர் வந்து 100 பை சீமெந்துக்குக் கழிவு கேட்கிறார். தம்பியும் 5 வீதம் கொடுத்துவிடுகிறார். ஒரு பை 2,000 ரூபாய், அதில் கடைக்கு நிற்கிறது 50 ரூபாய் என்று வையுங்கள். 5 வீதம் என்றால் 100 ரூபாய். அப்போது ஒவ்வொரு பைக்கும் 50 ரூபாய் கைக்காசு போகிறது, 100 பைக்கு 5,000 ரூபாய். பெயின்றில் அதே 5 வீதத்தைக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அதில் லாபம் கூட. சீமெந்தில் லாபம் நூலிழை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் முதல் மூன்று மாதம் அவரை மேசையில் இருத்தாதீர்கள். ஸ்டோருக்கு அனுப்புங்கள். லொறி வந்தால் பைகளை எண்ணி, கொம்பனித் துண்டோடு ஒப்பிட்டு, குறைந்தால் ட்ரைவர் போவதற்கு முன்னமே துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்க அவர் பழக வேண்டும். பைகளை வெறும் நிலத்தில் போடாமல் பலகையில், சுவரில் முட்டாமல் அடுக்க வேண்டும். முதல் வந்த பை முதலில் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சீமெந்து வலுக் குறையும், மாரி காலத்து ஈரத்தில் அது இன்னும் கெதியாக நடக்கும். பையின் மூலையை விரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், உள்ளே கட்டி தட்டினால் அது வீடு கட்டப் போகிற சாமான் இல்லை. இதை ஒருவர் சொல்லிக் கேட்பது வேறு, தானே கட்டிபட்ட பைகளை ஒதுக்கி வைத்து, அதன் விலையைக் கூட்டிப் பார்ப்பது வேறு.

இந்த மூன்று மாதமும் ஸ்டோருக்குள் யார் சொல்லை யார் கேட்பது என்பதை முதலாளி எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒருமுறை வாயால் சொல்ல வேண்டும். "தம்பி மூன்று மாதம் ஸ்டோரில. அங்க அண்ணை சொல்லுறதுதான்." இதைச் சொல்லாவிட்டால் ஸ்டோர் அண்ணை பாவம். முதலாளியின் மகனிடம் பிழை சொல்ல அவருக்கு வாய் வராது. பிழை சொல்லாதவரிடம் என்ன பழகுவது? மூன்று மாத முடிவில் ஒரு சோதனை வையுங்கள். இருப்பைத் தம்பியே எண்ணி, கொப்பியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். வித்தியாசம் இருந்தால் குற்றமில்லை. காரணம் சொல்லத் தெரியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் அங்கேதான்.

அப்புறம்தான் மேசை. அந்த நாளில் ஒரு தாள் எழுத வேண்டும். வக்கீல் தேவையில்லை, ஒரு பக்கம் போதும், ஆனால் அதிகாரத்தைக் காசுக் கணக்காக எழுத வேண்டும். "விற்பனையைக் கவனிப்பது" என்று எழுதினால் மறுபடி அந்த "எல்லாம்" கதைதான். இந்தக் கடைக்கு நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன். சீமெந்துக்கும் கம்பிக்கும் கழிவு கொடுப்பதில்லை, கேட்டால் அப்பாவிடம். பெயின்றுக்கும் பைப் சாமானுக்கும் 5 வீதம் வரை தம்பியே. கடன் என்றால், கடன் கொப்பியில் ஏற்கெனவே பெயர் இருக்கிற ஆளுக்கு, பழைய பாக்கியோடு சேர்த்து 50,000 ரூபாய் வரை தம்பியே. புது ஆளுக்குக் கடன் இல்லை. றெப் வந்தால் மாதத்துக்கு 2 லட்சம் வரை சாமானுக்கு ஓடர் கொடுக்கலாம், அதற்கு மேல் இருவரும் சேர்ந்து. பொடியன்களின் லீவு தம்பியிடம், ஸ்டோர் அண்ணையின் லீவு இன்னும் ஒரு வருஷம் அப்பாவிடமே. காசோலைக் கையெழுத்து அப்பாவினுடையது மட்டும்.

தொகைகள் உங்கள் கடைக்கு ஏற்றபடி மாறும். எப்படி முடிவு செய்வது? இந்தத் தொகை முழுக்கப் போனாலும் அந்த மாதம் கொம்பனிக்குக் கொடுத்த காசோலை திரும்பாது என்றால், அது சரியான தொகை. திரும்பும் என்றால் குறையுங்கள். இந்த ஊரில் ஹாட்வெயார் வியாபாரம் பின்திகதியிட்ட காசோலையில் ஓடுகிறது, ஆகவே அளவுகோல் அதுதான்.

தாளை எழுதிவிட்டு அதைக் குழப்புகிறவர் பெரும்பாலும் மகன் இல்லை, தகப்பன். நான் கண்ணால் காண்கிற காட்சி இது. ஒரு மேசன் வருகிறார். பழைய பாக்கி 45,000. இன்னும் 20,000 ரூபாய்க்குச் சாமான் கேட்கிறார். தம்பி கொப்பியைப் பார்த்து, "முதல் கொஞ்சம் கட்டுங்கோ அண்ணை" என்கிறார். மேசன் தம்பிக்குப் பதில் சொல்லவில்லை, தலையை அப்பா பக்கம் திருப்புகிறார். "என்ன அண்ணை, இருபது வருஷப் பழக்கம், தம்பி தரமாட்டன் எண்டுறார்." அப்பா பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல், "சரி, குடு தம்பி" என்கிறார்.

அவ்வளவுதான். இனி எந்த மேசனும் தம்பியிடம் கேட்கமாட்டார். தம்பி சொன்னது சரியா பிழையா என்பது இங்கே கதையில்லை. ஒருவேளை அப்பாதான் சரி, அந்த மேசன் நாணயமான ஆள். அப்படியென்றாலும் அந்த இடத்தில் அப்பா சொல்ல வேண்டியது ஒரு வசனம்: "தம்பியிட்டக் கதையுங்கோ." மாற்ற வேண்டுமானால் கடை பூட்டின பிறகு இருவரும் பேசி, அடுத்த நாள் தம்பியே மேசனுக்குப் போன் எடுத்து, "வந்து எடுங்கோ" என்று சொல்லட்டும். தம்பியின் முடிவு சனத்துக்கு முன்னால் எத்தனை தரம் மாறுகிறது என்று காசு வாங்குகிற பிள்ளையைக் கேளுங்கள், அவருக்குச் சரியாகத் தெரியும். மாதத்தில் மூன்று நான்கு தரம் என்றால் தாளைக் கிழித்துவிடலாம். ஒன்று தொகை பொருந்தவில்லை, இல்லையென்றால் அப்பாவுக்கு விட மனமில்லை.

சரி, சம்பளம். "வீட்டுப் பிள்ளைக்கு என்ன சம்பளம், வேணுமெண்டா லாச்சியில எடுக்கிறான்தானே" என்பார்கள். இதுதான் பின்னால் பெரிய சண்டைக்கு வித்து. இந்த வேலைக்கு ஒரு வெளியாளை வைத்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேளுங்கள், அதுதான் மகனின் சம்பளம். 60,000 என்று வைப்போம். மற்றவர்களுக்குப் போல ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடம் 8 வீதம், அதாவது 4,800 ரூபாய் கழியும், கையில் 55,200. கடை தன் பங்குக்கு 12 வீதம், 7,200 கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,800. ஆக மகனை வைத்திருக்கக் கடைக்கு மாதச் செலவு 69,000. இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் கடை உண்மையில் லாபத்தில் ஓடுகிறதா என்று தெரியும். மகன் சம்பளமில்லாமல் நின்றதால் மட்டும் லாபம் காட்டிய கடைகள் இருக்கின்றன. மகனுக்கும் இது நல்லது. நாளைக்கு வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் அவர் காட்ட ஒரு சம்பளத் துண்டு இருக்கும்.

வீட்டுச் செலவு சம்பளத்துக்குள் வராது. கலியாண வீடோ, மோட்டார் சைக்கிளோ, அப்பா கொடுக்க நினைத்தால் தன் எடுப்பனவில் எடுத்துக் கொடுக்கட்டும், கொப்பியில் அப்பாவின் பெயரில் எழுதட்டும். அம்மா கறிக்காசு எடுத்தாலும் லாச்சிக்குள் ஒரு துண்டு போட வேண்டும். இதில் அம்மாமார் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கனடா மகளை ஏன் கதைக்குள் கொண்டுவந்தேன் என்றால், சம்பளம் கொடுக்காததன் கணக்கு அங்கேதான் வெளிக்கும். கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்த சொத்து தேசவழமையில் தேடிய தேட்டம். விருப்பாவணம் எழுதாமல் தகப்பன் கண்ணை மூடினால் பாதி தாய்க்கு, தகப்பனின் பாதி பிள்ளைகளுக்கு என்றுதான் போகும். பத்து வருஷம் கடையில் நின்றதற்கு என்று தனிப்பங்கு கிடையாது. "நான் சம்பளமில்லாமல் மாடாய் உழைச்சனான்" என்று தம்பி சொல்வார். "நீ லாச்சியில எடுத்ததுக்கு ஆரிட்டக் கணக்கு?" என்று அக்கா கேட்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. மாதாமாதம் சம்பளம் கொடுத்து எழுதியிருந்தால் உழைப்புக்கான கணக்கு அன்றன்றே தீர்ந்திருக்கும். மிச்சம் சொத்துக் கதை மட்டும்தான், அதை நொத்தாரிசிடம் போய்ப் பேசலாம்.

கடைசியாக, அவசரப்பட்டு மகனை வியாபாரப் பதிவில் பங்காளியாகப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குடைமையில் கடையின் கடனுக்குப் பங்காளிகள் தங்கள் சொந்தச் சொத்தாலும் பொறுப்பு. மகன் போடுகிற ஓடருக்கு உங்கள் வீடும், அதன் பிறகு கடைக்காக நீங்கள் எழுதுகிற காசோலைக்கு மகனின் மோட்டார் சைக்கிளும் பதில் சொல்ல வேண்டி வரலாம். முதல் வருஷம் அவர் சம்பளக்காரராகவே இருக்கட்டும். வருஷ முடிவில் அந்தத் தாளை எடுத்து, கடன் தொகையைக் கூட்டலாமா, ஸ்டோர் அண்ணையின் லீவை அவரிடம் விடலாமா என்று வரிவரியாகப் பாருங்கள். காசோலைக் கையெழுத்துத்தான் கடைசி. அதை வாயால் கொடுக்க முடியாது, வங்கிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், முதலில் ஒரு தொகை வரம்போடு கொடுங்கள். நன்றி, வணக்கம்.