ஓர் அடுப்படி, மூன்று பிராண்ட், நான்காவதாக ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

உட்கார்ந்து சாப்பிட இடம் இல்லாமல், பார்சலுக்காக மட்டும் சமைக்கிற கிச்சனைக் கிளவுட் கிச்சன் என்கிறோம். அப்படி ஒரே கிச்சனில் இருந்து மூன்று நான்கு பிராண்டுகளை நடத்துகிறவர்களுக்குப் பெயர் தேடித் தருவதும், அந்தப் பெயரை டப்பாவிலும் கவரிலும் பில்லிலும் ஏற்றித் தருவதும் என் தொழில். அதில் நான் கண்ட ஒரே ஒரு கிச்சனின் கதையை இன்று சொல்கிறேன். உண்மைப் பெயர்களைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதே தன்மையுள்ள வேறு பெயர்களை வைத்துச் சொல்கிறேன்.

அந்தக் கிச்சனை நடத்துகிற அம்மா முதலில் சூப் மட்டும்தான் விற்றார். அதனால் கிச்சனுக்கு 'சூப் சட்டி' என்று பெயர் வைத்தார். உரிமம், வங்கிக் கணக்கு, பில், வாசல் பலகை எல்லாம் அந்தப் பெயரில்தான். ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் பொரித்த கோழிக்கு ஒரு பிராண்ட் தொடங்கினார். அப்புறம் கேக்குக்கு ஒன்று. கேக் வாங்கிய ஒரு பெண் போன் செய்து, "நான் பிறந்தநாளுக்குக் கேக் சொன்னேன், பில்லில் சூப் சட்டி என்று இருக்கிறதே, என் ஆர்டர் யாருக்கோ போய்விட்டதா?" என்று கேட்டார். கேக் சரியாகத்தான் போயிருந்தது. பெயர்தான் தவறான இடத்தில் நின்றது.

கிச்சனுக்கும் பிராண்டுக்கும் பெயர் செய்கிற வேலை வேறு. பிராண்டின் பெயரைப் படிப்பவர் பசியோடு இருக்கிறார். ஆப்பில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு, இங்கே என்ன கிடைக்கும் என்ற வாசனையாவது அந்தப் பெயரில் வர வேண்டும். கிச்சனின் பெயரைப் படிப்பவர்கள் வேறு ஆட்கள்: உரிமம் தருகிற அதிகாரி, காய்கறி இறக்குகிறவர், வாசலைத் தேடி வருகிற டெலிவரித் தம்பி, பில்லைப் புரட்டிப் பார்க்கிற வாடிக்கையாளர். இவர்களில் யாருக்கும் அந்தப் பெயரில் ருசி தேவையில்லை. நாளைக்கு நான்காவது பிராண்ட் வந்தாலும், சூப்பையே நிறுத்திவிட்டாலும், பொய்யாகிவிடாத பெயராக இருந்தால் போதும். அதனால்தான் கிச்சனின் பெயரில் எந்தப் பண்டத்தின் பெயரும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். எண்ணிக்கையும் வேண்டாம். 'மூன்று கரண்டி' என்று ஆசையாக வைத்துவிட்டு, நான்காவது பிராண்ட் வந்ததும் பலகையை மாற்றியவர்கள் உண்டு.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்துக்கு வந்துதான் தீர்ந்தன. ஃபாசோஸ் என்ற பெயரில் ரோல் விற்று வளர்ந்த நிறுவனம், பல பிராண்டுகள் என்ற வழிக்கு மாறிய பிறகு, 2018-ல் தாய் நிறுவனத்தின் பெயரை ரெபல் ஃபுட்ஸ் என்று மாற்றிக்கொண்டது. ஃபாசோஸ் என்பது ரோலுக்கான பெயராகவே நின்றுவிட்டது.

சரி, சூப் சட்டிக்கு வருகிறேன். நான் போய்ப் பார்த்தபோது கிச்சனின் பெயரைவிடப் பெரிய சிக்கல் பார்சல் கட்டுகிற மேசையில் இருந்தது. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரிய வேண்டும் என்ற ஆசையில் அந்த அம்மா 'சுவைக்கிண்ணம்', 'சுவைக்கூடை', 'சுவைத்துண்டு' என்று வரிசையாகப் பெயர் வைத்திருந்தார். காகிதத்தில் பார்க்க அழகுதான். ஆனால் இரவு எட்டு மணிக்கு அந்த மேசையில் நின்றுபாருங்கள். தலைக்கு மேலே புகைபோக்கி இரைகிறது. பில் மெஷின் துண்டு துண்டாகச் சீட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கட்டுகிறவர் ஒரு கையில் கவரைப் பிடித்துக்கொண்டு, சீட்டின் முதல் இரண்டு எழுத்தைத்தான் கண்ணால் பிடிக்கிறார். மூன்று சீட்டிலும் 'சுவை'. வாசலில் நிற்கிற தம்பி "சுவை ஆர்டர் ரெடியா?" என்று குரல் கொடுக்கிறார். எந்தச் சுவை?

நான் இருந்த அன்று மாலையே இரண்டு கவர்கள் மாறிப் போயின. அதில் ஒன்றில், சைவச் சூப் கேட்டவர் வீட்டுக்குக் கோழி போய்விட்டது. திரும்ப அழைத்து, மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், அந்த வீட்டில் அந்த டப்பாவைத் திறந்த நிமிடத்தை மாற்ற முடியாது. கட்டியவர்மேல் தப்பில்லை. மாறிப்போகும்படி பெயர் வைத்துவிட்டு மாறாமல் கட்டு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இதே சிக்கல் ஆப்பிலும் உண்டு. சிறிய திரையில் நீளமான பெயரின் வால் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பிறகு மிச்சம் இருப்பது மூன்றுக்கும் ஒன்றாக இருந்தால், தேடுகிறவருக்கு எது எது என்று தெரியாது.

அதனால் ஒரே கிச்சனில் இருந்து போகிற பிராண்டுகளுக்கு முதல் எழுத்து வேறாக இருக்க வேண்டும். முதல் ஓசையும் வேறாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. 'மஞ்சு', 'பஞ்சு' என்று இரண்டு பெயர் வைத்தால் எழுத்து வேறுதான்; இரைச்சலில், போனில், இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். பெயரின் நீளமும் மாறியிருந்தால் இன்னும் நல்லது. ஒன்று இரண்டு எழுத்து, ஒன்று ஆறு எழுத்து என்றால் முழுதாகப் படிக்காமலே கண் பிரித்துவிடும்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம். சுவைக்கிண்ணம் வேண்டாம் என்று முடிவானதும் அந்த அம்மா, "சூப் எல்லாம் சைவம்தானே, 'சைவக்கிண்ணம்' என்று வைத்துவிடலாமா?" என்று கேட்டார். நான் சமைக்கிற பக்கம் போய்ப் பார்த்தேன். சூப்பில் ஒரு துளி இறைச்சி இல்லை. ஆனால் சூப்பின் மேலே தூவுகிற ரொட்டித் துண்டுகளைக் கோழி பொரிக்கிற அதே எண்ணெயில்தான் பொரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரை நம்பி வாங்குகிறவருக்கு அது அவ்வளவுதான் என்கிற விஷயம் இல்லை. பெயர் ஒரு வாக்கு. பங்கு போட்டுக்கொள்கிற அடுப்படியில், ஒரு பிராண்டின் பெயரில் கொடுத்த வாக்கைப் பக்கத்துப் பிராண்டின் எண்ணெய் உடைத்துவிடும்.

கேக்குக்கு 'குளூட்டன் இல்லா' என்பதைப் பெயரிலேயே சேர்க்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. கோதுமையில் இருக்கிற புரதம்தான் குளூட்டன். அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கப்படுவார்கள். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரையறை. கோழிக்கு மைதா பூசுகிற மேசை கேக் அடுப்பில் இருந்து நாலு எட்டில் இருந்தது. மாவு காற்றில் பறந்து எல்லா இடத்திலும் படிகிறது. அந்த அறையில் நின்றுகொண்டு அந்தப் பெயரை வைக்க எனக்குக் கை வரவில்லை, அவருக்கும் வரவில்லை. 'சைவம்', 'கடலை இல்லா', 'குளூட்டன் இல்லா' போன்ற சொற்களைப் பெயரில் ஏற்ற வேண்டும் என்றால், அதற்குத் தனிப் பாத்திரம், தனி எண்ணெய், தனி மேசை முதலில் வர வேண்டும். முடிந்தால் தனி அறை. பெயர் அப்புறம்.

கடைசியில் மூன்று பெயர்கள் அமைந்தன. சூப்புக்கு 'மழைக்கிண்ணம்'. கோழிக்கு 'செங்கொண்டை'. கேக்குக்குத் 'தித்தி' என்று முதலில் வைத்தோம். ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தால் 'திதி' என்றும் படிக்கலாம் போல இருந்தது. பிறந்தநாள் கேக்கின் மேல் அந்தச் சொல் வந்தால் யார் மனம் தாங்கும்? அதை விட்டுவிட்டுப் 'பஞ்சு' என்று வைத்தோம். ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் நாலு பேரை அடிக்கச் சொல்லிப் பார்ப்பது அவசியம். நாலு பேரும் நாலு விதமாக அடித்தால் ஆப்பில் தேடுகிறவர்களும் அப்படித்தான் அடிப்பார்கள்.

செங்கொண்டைக்கு முன்னால் 'மொறுமொறு' என்ற பெயர்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பண்டத்தின் தன்மையை அப்படியே சொல்கிற சொல்லுக்கு வர்த்தக முத்திரை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பாதுகாப்பு குறைவு. மொறுமொறு என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டே! சமைத்து விற்கிற சேவைக்கு முத்திரைப் பட்டியலில் 43-ஆம் வகுப்பு. பிராண்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். கிச்சனின் பெயரைப் பதிந்துவிட்டால் பிராண்டுகளும் அதற்குள் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடங்காது.

கிச்சனின் பெயரை எவ்வளவு வெளியே காட்டுவது என்று அந்த அம்மா தயங்கினார். மூன்றும் ஒரே இடம் என்று தெரிந்தால் மதிப்புக் குறையுமோ என்ற பயம். 2020-ல் அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. பாஸ்குவாலிஸ் பீட்சா அண்ட் விங்ஸ் என்ற பெயரில் ஆப்பில் வாங்கியவர்கள், அது சக் இ. சீஸ் என்ற குழந்தைகள் விளையாட்டு உணவகத்தின் அடுப்படியில் இருந்து வருகிறது என்று முகவரியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாஸ்குவாலி என்பது அந்த உணவகத்தின் பொம்மை இசைக்குழுவில் இருக்கிற சமையல்காரரின் பெயர். செய்முறை வேறு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆனால் பேச்செல்லாம் மறைத்ததைப் பற்றித்தான். ஆப்பில் முகவரி இருக்கும் வரை மறைப்பது நடக்காத காரியம். மூன்று டப்பாவிலும் பிராண்டின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கிச்சனின் பெயரையும் போட்டோம். பில்லில் பார்க்கிற பெயர் டப்பாவிலும் இருந்தால், பில்லைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள்.

அந்தக் கிச்சனின் பெயரைத்தான் இன்னும் சொல்லவில்லை. பட்டியலில் பதினோரு பெயர் இருந்தது. 'ஒரே அடுப்பு' என்பது அவருக்கு ஆசை. சைவக்காரர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்ததும் அவரே அடித்துவிட்டார். பதினொன்றில் மிஞ்சிய நாலு பெயரை எடுத்துக்கொண்டு, கூட்டம் அதிகமான மூன்று இரவுகள் வாசலில் நின்றோம். புகைபோக்கி ஓட, வந்த தம்பிகளிடம் ஒவ்வொரு பெயராகப் போனில் சொல்லி, "என்ன கேட்டது?" என்று கேட்டோம். இரண்டாவது முறை சொல்லாமல் எல்லோரும் பிடித்தது ஒன்றைத்தான், 'நீலக்கதவு'. மறுநாள் காலை பெயின்டர் வந்து கதவுக்கு நீலம் அடித்தார். அன்று இரவு எட்டரைக்கு வழி தெரியாமல் போன் செய்த ஒரு தம்பியிடம் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தெருவுக்குள்ள வாப்பா, நீலக் கதவு."

நன்றி, வணக்கம்.