வியர்வை காயாமல் சார்ஜ் போடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. பிள்ளையின் ஸ்மார்ட் வாட்ச் சார்ஜ் ஏறவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் வாட்சைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இரண்டோ நான்கோ சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். சார்ஜரின் ஊசிகள் வந்து தொடுவது அவற்றைத்தான்.

பினாங்கில் பழுதுபார்க்கும் என்னிடம் ஓர் அம்மா மகனுடைய வாட்சைக் கொண்டுவந்தார். காந்தம் ஒட்டுகிறது, சார்ஜ் அடையாளம் வந்து வந்து மறைகிறது, விரலால் அழுத்தினால் மட்டும் நிற்கிறது. நான்கு புள்ளிகளில் ஒன்று மட்டும் பச்சை பூத்திருந்தது. "பையன் சாயங்காலம் பூப்பந்து ஆடிவிட்டு வந்ததும் கழற்றி சார்ஜில் போட்டுவிடுவான், அண்ணே" என்றார்.

காரணம் அதுதான். வியர்வை உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் இருக்கும்போதே 5 வோல்ட் பாய்ந்தால் பிளஸ் புள்ளியில் உலோகம் கரைய ஆரம்பிக்கிறது. மேலே உள்ள தங்கப்பூச்சு மிக மெல்லியது; அதில் நுண்ணிய துளை விழுந்தாலும் அடியிலுள்ள செம்பு பச்சையாகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் காய்வதும் இல்லை.

சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன். சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுங்கள், வாட்சை அணைத்துவிடுங்கள். உலர்ந்த, மென்மையான பல் துலக்கியால் அழுக்கைத் தட்டிவிடுங்கள். அப்புறம் பஞ்சுக் குச்சியில் மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சிறிது தொட்டு, பஞ்சில் கறை வருவது நிற்கும் வரை புள்ளிகளைத் துடையுங்கள். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம். பச்சை போகாவிட்டால் வெள்ளை வினிகரில் லேசாக நனைத்த குச்சியால் அந்தப் புள்ளியை மட்டும் தேயுங்கள். உடனே தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்து, மறுபடி ஆல்கஹால் போடுங்கள். வினிகர் அங்கே தங்கினால் அதுவே அரிக்கும். அரை மணி நேரம் காய விடுங்கள்.

சார்ஜரின் ஊசிகளையும் அதேபோல் துடையுங்கள். அவற்றுக்குள் ஸ்பிரிங் உண்டு. மரக் குச்சியால் ஒவ்வொன்றையும் மெல்ல அழுத்தினால் தானாக எழும்ப வேண்டும். அழுக்கில் சிக்கி எழும்பாமல் நிற்கும் ஊசி வாட்சை எட்டாது. சார்ஜரை மட்டும் மாற்றினாலே சில நேரம் சரியாகிவிடும்.

உப்புத்தாளும் கத்தியும் வேண்டவே வேண்டாம். அன்றைக்குச் சார்ஜ் ஏறும், ஆனால் பூச்சு போய்விடுவதால் பச்சை இன்னும் வேகமாகத் திரும்பும்.

அந்தப் பையனின் வாட்ச் இப்படித்தான் சரியானது. இப்போது விளையாடி வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுகிறான்.

சுத்தம் செய்த சில நாளிலேயே பச்சை திரும்பினாலோ, புள்ளியில் குழி விழுந்திருந்தாலோ பூச்சு போய்விட்டது என்று பொருள். துடைப்பது தற்காலிகத் தீர்வுதான். வாட்சின் பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் எதையும் முயலாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடாமல், பிள்ளையின் கையிலும் கட்டாமல், நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.