ஐஸ்கிரீம் ஏன் வாயில் நறநறக்கிறது?

(திரையில்: கரண்டியில் எடுத்த ஐஸ்கிரீம், மிக நெருக்கத்தில். உள்ளே ஊசி ஊசியாக ஐஸ் மின்னுகிறது.)

வீட்டில் செய்த ஐஸ்கிரீம், ருசியில் குறையே இல்லை. ஆனால் வாயில் வைத்ததும் நறநறவென்று ஐஸ் கடிபடுகிறது. உள்ளே ஐஸ் இருப்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. வழவழப்பான ஐஸ்கிரீமிலும் ஐஸ் நிறையவே இருக்கிறது. மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில், அதிலுள்ள தண்ணீரில் ஏறக்குறைய முக்கால் பங்கு உறைந்துதான் கிடக்கும். வித்தியாசம் ஐஸ் படிகங்களின் அளவில். சுமார் 50 மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் நாக்குக்கு அவை தனித்தனியாகத் தெரியாது. அதைத் தாண்டி வளர்ந்தால் தெரிந்துவிடும்.

(திரையில்: இரண்டு கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில்.)

இடது கிண்ணத்தில் 750 மில்லி பால், 75 கிராம் சர்க்கரை. மொத்த எடையில் ஐந்தில் நாலு பங்கு வெறும் தண்ணீர். வலது கிண்ணத்தில் 500 மில்லி பால், 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 250 மில்லி, சர்க்கரை 150 கிராம். இங்கே தண்ணீர் மூன்றில் இரண்டு பங்குதான். உறைவதற்கு இருக்கும் தண்ணீரே குறைந்துவிட்டது. கொழுப்பு செய்யும் முதல் வேலை இதுதான். கொழுப்பு தண்ணீரில் கரையாது, அதனால் உறைநிலையை இறக்காது. ஆனால் படிகங்களுக்கு நடுவே இடத்தை அடைத்துக்கொள்கிறது. கடையும்போது கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழ்களையும் பிடித்து வைக்கின்றன.

சர்க்கரையின் வேலை வேறு. அது தண்ணீரில் கரைந்து உறைநிலையை இறக்குகிறது. வலது கிண்ணத்துக் கலவை ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். தண்ணீரில் ஒரு பகுதி ஐஸாகிப் பிரிந்ததும் மீதித் தண்ணீரில் சர்க்கரை அடர்த்தியாகிறது. அது உறைய இன்னும் குளிர்ச்சி வேண்டும். இப்படியே போய், கடைசியில் கெட்டியான ஒரு பாகு உறையாமலே தங்கிவிடுகிறது. கரண்டி உள்ளே இறங்குவது இந்தப் பாகு இருப்பதால்தான். இனிப்பு கம்மியாக இருக்கட்டும் என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் இந்தப் பாகும் குறையும், ஐஸ்கிரீம் கட்டையாக உறையும். அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. சர்க்கரை மிஞ்சினால் கலவை உறையாமல் கூழாகவே நிற்கும்.

(திரையில்: மெஷினின் குளிர்ந்த கிண்ணம். கத்தி சுழன்று சுவரைச் சுரண்டுகிறது.)

இப்போது கடைதல். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. குளிர்ந்த சுவரைத் தொட்டதும் கலவை மெல்லிய ஏடாக உறைகிறது. கத்தி அதை உடனே சுரண்டி உள்ளே தள்ளுகிறது. ஒவ்வொரு சுரண்டலிலும் ஏராளமான பொடிப் படிகங்கள் கலவைக்குள் போகின்றன. அதே தண்ணீர் லட்சக்கணக்கான படிகங்களுக்குப் பங்கு போவதால் எதுவும் பெரிதாக வளர முடிவதில்லை. கடையாமல் டப்பாவில் ஊற்றி அப்படியே ஃப்ரீசரில் வைத்தால், ஓரத்தில் சில படிகங்கள் மட்டும் தோன்றி, சாவகாசமாக எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வளர்ந்துவிடும்.

அதனால் வேகம் முக்கியம். கலவையை முதலில் ஃபிரிட்ஜில் நாலு டிகிரிக்கு, முடிந்தால் ராத்திரி முழுக்க வைத்துக் குளிர வையுங்கள். கொழுப்பும் அதற்குள் கெட்டிப்படும். வெதுவெதுப்பாக ஊற்றினால் கிண்ணத்தின் குளிர்ச்சியெல்லாம் கலவையை ஆற்றுவதிலேயே தீர்ந்துபோகும். பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடத்தில், மைனஸ் 5 டிகிரி வாக்கில், கலவை கெட்டியான கூழாகத் திரண்டு நிற்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் கடைந்துகொண்டே இருந்தால் வெண்ணெய் திரண்டு நாக்கில் ஒட்டும்.

மெஷின் இல்லையா? அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து ஓரத்தைச் சுரண்டி நன்றாக அடித்துக் கலக்குங்கள். மெஷின் அளவுக்கு வராது, ஆனாலும் நன்றாகவே மாறும்.

(திரையில்: ஆழமில்லாத டப்பா, ஃப்ரீசரின் உள்மூலையில்.)

கடைந்து எடுத்த நேரத்தில் தண்ணீரில் பாதிதான் உறைந்திருக்கும். மீதி ஃப்ரீசரில் உறைகிறது. அங்கே புதுப் படிகங்கள் அநேகமாகத் தோன்றாது, இருப்பவைதான் பருக்கும். அதனால் முன்பே குளிரவைத்த, ஆழமில்லாத டப்பாவில் போட்டு, கதவிலிருந்து தள்ளி உள்ளே வையுங்கள்.

சரி, எங்கே தப்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நாளே நறநறத்தால், கடைந்ததிலோ கலவையிலோ கோளாறு. முதல் நாள் வழவழப்பாக இருந்து, நாள் ஆக ஆக நறநறத்தால், கதவைத் திறந்து மூடியதில் குளிர்ச்சி ஏறி இறங்கியிருக்கிறது. சின்னப் படிகங்கள் உருகி, அந்தத் தண்ணீர் பெரியவற்றின் மேல் போய் உறைந்துவிட்டது. அப்புறம் மூன்றாவது ஒன்று: வாயில் ஐஸ் கரைந்த பிறகும் மணல் போல ஏதோ தங்கினால் அது ஐஸே இல்லை, பால் சர்க்கரையின் படிகம். பால் பவுடரை அதிகம் சேர்த்தால் இப்படி ஆகும். அடுத்த முறை பவுடரைக் குறைத்தால் போதும்.